சைக்கிள் கடைப் படத்தைக் காமிக்ஸ் பக்கமாக மாற்றுவது: கோடு, கறுப்பு, வண்ணம், புள்ளி

கேள்வி: எங்கள் தெருவில் இருக்கும் பழைய சைக்கிள் கடையைப் போனில் படம் எடுத்தேன். அளவு 4000×3000. பழைய காமிக்ஸ் பக்கம் மாதிரி கோடும் புள்ளியுமாக மாற்றி, ஏ4 தாளில் அச்சிட்டுக் கடைக்காரருக்கே கொடுக்க ஆசை. போன் ஆப்பில் போட்டுப் பார்த்தால் எல்லாம் கலங்கி, தார் பூசினது போல வருகிறது. கிம்ப் மென்பொருள் ஓரளவு தெரியும். எந்த ஃபில்டரை, எந்த வரிசையில், என்ன அளவில் போடுவது?

பதில்:

ஆப் படம் முழுவதற்கும் ஒரே ஃபில்டரை ஒரே அளவில் போடுகிறது. பெயர்ந்த சுவர்க் காரை, மனித முகம், சக்கரத்தின் ஸ்போக் கம்பி எல்லாம் அதற்கு ஒன்றுதான். காமிக்ஸ் பக்கம் அப்படி உருவானதில்லை. பென்சிலில் வரைபவர், அதன் மேல் மை போடுபவர், வண்ணம் குறிப்பவர் என்று கைகள் மாறும். புள்ளியோ, கடைசியில் அச்சுத் தகடு செய்யும்போது வந்து சேர்வது. அதனால் நீங்களும் ஒரே படத்திலிருந்து கோடு, கறுப்பு, வண்ணம், புள்ளி என்று நான்கு லேயர்களைத் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஃபில்டர்கள் எல்லாம் கிம்பிலேயே இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். 'பழைய காமிக்ஸ்' என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது எது? சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் என்றால், உங்கள் நினைவில் இருப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பக்கம்தான். அதில் நிழலைக் காட்டுவது நெருக்கமான கோடுகளும் கெட்டியான கறுப்புத் திட்டுகளும். அந்தத் தோற்றம் வேண்டுமானால் கோடும் கறுப்பும் போதும், கீழே சொல்லும் வண்ணத்தையும் புள்ளியையும் விட்டுவிடலாம். வண்ணப் புள்ளி தெரியும் பக்கம் அந்தக் கால அமெரிக்கக் காமிக்ஸின் அடையாளம். கோடும் புள்ளியும் என்று நீங்கள் கேட்டிருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நானும் ஒரு சைக்கிள் கடைப் படத்தில் இதைச் செய்திருக்கிறேன். காலை வெயில், தகரக் கூரை, நீலச் சுவர், தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சைக்கிள், டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். எண்களை அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன். உங்கள் படத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அளவு. பலர் இதைக் கடைசியில் செய்து படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புள்ளி போட்ட பிறகு படத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ கூடாது. ஏன் என்பதைப் புள்ளிக்கு வரும்போது சொல்கிறேன். ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் 300 டிபிஐயில் அச்சிட 3508×2480 பிக்சல் வேண்டும். உங்கள் படத்தின் அகலத்தை `Image > Scale Image` வழியாக 3508 ஆக்கினால் உயரம் 2631 வரும். மேலேயோ கீழேயோ 151 பிக்சலை வெட்டிவிடுங்கள். இனிமேல் அளவில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். போன் கேமரா நிழல் பகுதியில் மணல் தூவினதுபோல ஒரு சிறுமணியை விட்டுவைக்கும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் விளிம்பு தேடும் ஃபில்டருக்கு ஒவ்வொரு மணியும் ஒரு விளிம்பு. உங்கள் தார்ப் பூச்சில் பாதி இதுதான். `Filters > Blur > Selective Gaussian Blur` எடுத்து, ஆரத்தை 6 என்றும் `Max. delta` அளவை 0.15 என்றும் வையுங்கள். ஒரே மாதிரி நிறம் உள்ள இடத்தை மட்டும் இது மழுப்பும், விளிம்பைத் தொடாது. ஒருமுறை போதவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் அதையே இன்னொரு முறை போடுங்கள். அப்புறம் இந்த லேயரை நான்கு பிரதி எடுத்து, தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோடு. `Edge-Detect` பட்டியலில் பல ஃபில்டர்கள் இருந்தாலும், எனக்கு எப்போதும் நல்ல கோடு தருவது பென்சில் ஓவியத்துக்குப் பயன்படும் பழைய வழிதான். கோடு லேயரை `Colors > Desaturate` மூலம் சாம்பலாக்குங்கள். அதைப் பிரதி எடுத்து, மேலே இருக்கும் பிரதியை `Colors > Invert` கொண்டு தலைகீழாக்குங்கள். பக்கத்திலேயே `Linear Invert` என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். பிறகு அந்தப் பிரதிக்கு `Gaussian Blur` அளவு 8 கொடுத்து, லேயர் மோடை `Dodge` என்று மாற்றுங்கள். படம் வெளுத்துப் போய், விளிம்புகள் மட்டும் பென்சில் கோடாக நிற்கும்.

இங்கே நடப்பது ஒரு வகுத்தல். படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றுப்புறத்துச் சராசரியால் வகுக்கிறீர்கள். சமதளமான சுவரில் பிக்சலும் சராசரியும் ஒன்றுதான், அதனால் விடை 1, அதாவது வெள்ளை. விளிம்பின் இருண்ட பக்கத்தில் பிக்சல் சராசரியைவிடக் குறைவு, அங்கே விடை 1-க்குக் கீழே போகிறது. அதுவே கோடு. இது புரிந்தால் மழுப்பல் அளவை எதற்காக மாற்றுகிறோம் என்பதும் புரியும். அளவு 3-க்குக் கீழே போனால் கோடு மயிரிழையாகி அங்கங்கே அறுந்துபோகும். 20-க்கு மேலே போனால் சுற்றுப்புறம் பெரிதாகி, நிழலும் சேர்ந்து தங்கும். ஸ்கெட்ச் மட்டும் வேண்டும் என்பவர்கள் 20 முதல் 30 வரை வைத்து இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பென்சிலைச் சாய்த்துத் தேய்த்த மாதிரி அழகாக வரும். காமிக்ஸுக்கு 8 சரியாக இருக்கும்.

இரண்டு லேயரையும் ஒன்றாக்கிவிட்டு, பென்சிலை மையாக மாற்றுங்கள். பலரும் இதற்கு `Threshold` போடுவார்கள். அது கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் வைத்துக்கொள்வதால் சாய்ந்த கோடெல்லாம் ரம்பப் பல்லாகிவிடும். அதைவிட `Colors > Levels` எடுத்து, உள்ளீட்டின் கறுப்பு முனையை 190-க்கும் வெள்ளை முனையை 240-க்கும் கொண்டுவாருங்கள். கோடு கெட்டியாகும், ஓரத்தில் சிறிது சாம்பல் தங்கி வழவழப்பும் இருக்கும். சுவரில் இன்னும் புழுதி மாதிரி தெரிந்தால் வெள்ளை முனையை 230 வரை இறக்குங்கள்.

ஃபில்டர் தோற்கும் இடம் ஒன்று உண்டு, உங்கள் படத்திலும் அது கட்டாயம் இருக்கும். அதுதான் சக்கரம். பளபளக்கும் ஸ்போக் கம்பி இருண்ட பின்னணியின் முன்னால் நின்றால், மேலே சொன்ன வகுத்தலின்படி கம்பி வெள்ளையாகவும் அதன் இரு பக்கமும் கறுப்பாகவும் வரும். ஒரு கம்பிக்கு இரண்டு கோடு. சாதாரணச் சைக்கிள் சக்கரத்தில் 32, 36, 40 என்று கம்பிகள் இருக்கும், அத்தனையும் இரட்டித்தால் சக்கரம் கரிக்கட்டையாகிவிடும். எந்த எண்ணை மாற்றினாலும் இது தீராது. சக்கரத்தின் உட்பகுதியை அழித்துவிட்டு, ரிம்மையும் நடு ஹப்பையும் மட்டும் விட்டுவையுங்கள். பிறகு `Paths` கருவியால் பத்துப் பன்னிரண்டு கம்பியை மட்டும் இழுத்து, `Edit > Stroke Path` மூலம் 3 பிக்சல் தடிமனில் கோடாக்குங்கள். எல்லாக் கம்பியும் இருந்தால்தான் சக்கரம் என்று கண் கேட்காது. படம் வரைபவர்களும் இப்படித்தான் குறைத்துப் போடுவார்கள். என் படத்தில் இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது, ஆனால் முழுப் படத்தையும் 'வரைந்தது' போலக் காட்டியது இந்த ஒரு வேலைதான்.

கறுப்பு லேயர் சுலபம். கடையின் உள் இருட்டு, மேசைக்கு அடியில் இருக்கும் நிழல், டயரின் ரப்பர், தலைமுடி ஆகியவை சாம்பலாக இல்லாமல் கெட்டியான கறுப்பாக இருந்தால்தான் பக்கத்துக்குப் பாரம் வரும். சாம்பலாக்கிய பிரதிக்கு `Gaussian Blur` 4 கொடுத்துவிட்டு `Threshold` அளவை 55 அருகே வையுங்கள். முன்பு வேண்டாம் என்ற `Threshold` இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் முதலில் மழுப்பியதால் திட்டின் ஓரம் தூரிகையால் இழுத்ததுபோல வளைந்து வரும். கறுப்பு படத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் அளவைக் குறையுங்கள். கோடு லேயரும் கறுப்பு லேயரும் `Multiply` மோடில் மேலே இருக்கட்டும்.

வண்ணத்துக்கு எல்லோரும் ஓடுவது `Colors > Posterize`. அளவை 4 என்று வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் நான்கு படி, மொத்தம் 64 நிறம். பழைய அமெரிக்கக் காமிக்ஸின் வண்ண அட்டையிலும் இதே கணக்குதான். சியான், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு படியில் கலந்தார்கள். ஆனால் கணக்கு ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக வராது. அங்கே எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஒரு மனிதர் முடிவு செய்தார். இங்கே மூன்று நிறமும் தனித்தனி இடத்தில் படி தாண்டுகின்றன. சுவரிலும் கூரையிலும் அது பரவாயில்லை. நம் ஊர்த் தோல் நிறத்தில் அது கன்னத்தில் பச்சைத் திட்டாகவும் நெற்றியில் ரோஸ் திட்டாகவும் தெரியும், பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

ஆகவே `Posterize` செய்ததைப் பின்னணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மனிதரைக் கையால் நிரப்புங்கள். கிம்ப் 2.10.10 முதல் `Bucket Fill` கருவியில் `Fill by line art detection` என்ற தேர்வு இருக்கிறது. கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் வண்ணம் வெளியே வழியாது. வண்ண லேயரைத் தேர்ந்தெடுத்து, கோடு லேயரை ஆதாரமாகக் காட்டிவிட்டு, முகத்துக்கு ஒரு நிறம், அதைவிட ஒரு படி இருண்ட நிழல் நிறம், சட்டைக்கு ஒன்று, லுங்கிக்கு ஒன்று என்று நிரப்புங்கள். தோல் நிறத்தை நினைவிலிருந்து எடுக்காமல், படத்தில் வெயில் படும் கன்னத்திலிருந்தே `Color Picker` கொண்டு எடுங்கள். ஆப்கள் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கத்தை இங்கேயாவது தவிர்க்கலாம். படத்தை வாங்கிப் பார்ப்பவர் தன் முகத்தைத் தன் முகமாகவே பார்க்க வேண்டும்.

இனி புள்ளி. இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொண்டால் படம் காமிக்ஸாகத் தெரியாமல் பழைய செய்தித்தாள் துண்டாகத் தெரியும். செய்தித்தாளில் புகைப்படம் அச்சாகும் ஆஃப்டோனில், இருட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகியும் சிறிதாகியும் வரும். காமிக்ஸில் நாம் பார்த்ததோ ஒரு பரப்பு முழுக்க ஒரே அளவுப் புள்ளி. பெஞ்சமின் டே என்ற அமெரிக்க அச்சுக்காரர் 1879-இல் கொண்டுவந்த முறை இது. அவர் பெயராலேயே பென்டே புள்ளி என்கிறார்கள். முன்னது புகைப்படத்தைக் காட்ட, பின்னது ஒரு வெளிர் நிறத்தைத் தட்டையாக நிரப்ப.

கிம்பில் இரண்டுக்கும் ஒரே ஃபில்டர், `Filters > Distorts > Newsprint`. வித்தியாசம் நீங்கள் அதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. புள்ளி லேயரைச் சாம்பலாக்கி, `Gaussian Blur` 6 கொடுத்து, `Posterize` 4 போடுங்கள். இப்போது படத்தில் வெள்ளை, வெளிர் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு என்று நான்கே தொனி. வெள்ளையில் புள்ளி விழாது. கறுப்பு ஏற்கெனவே மையாக இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு சாம்பலுக்கு இரண்டு அளவுப் புள்ளி கிடைக்கும். அவ்வளவுதான் காமிக்ஸுக்கு வேண்டும். பிறகு `Newsprint` திறந்து, வண்ண மாதிரியை `Black on white`, வடிவத்தை `Circle`, கோணத்தை 45, `Period` அளவை 12 என்று வையுங்கள்.

12 என்பது ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவு வரை உள்ள தூரம், பிக்சலில். 300 டிபிஐயில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு. கையில் வைத்துப் பார்த்தால் புள்ளி தெரியும், சுவரில் மாட்டித் தள்ளி நின்றால் நிழலாகக் கலந்துவிடும். உண்மையான பழைய காமிக்ஸில் புள்ளி இதைவிடப் பொடி. அப்படியே வேண்டும் என்று 4 அல்லது 5 வைத்தால் ஒரு புள்ளிக்கு நாலைந்து பிக்சல் அகலம்தான் கிடைக்கும், வட்டம் வட்டமாக வராமல் கட்டியாகிவிடும். 8-க்குக் கீழே போகாதீர்கள்.

அடர் சாம்பலையும் கவனியுங்கள். வட்டப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனால், மை ஏறத்தாழ 78 சதவீதத்தை எட்டும் இடத்தில் பக்கத்துப் புள்ளிகளைத் தொட்டுவிடும். அதற்கு மேல் கறுப்பில் வெள்ளை ஓட்டைகள்தான் மிஞ்சும். தாளில் மை கொஞ்சம் பரவும் என்பதால் திரையில் பார்த்ததைவிட அச்சு ஒரு படி இருண்டே வரும். `Newsprint` போடும் முன் `Levels` நடு முனையை 1.3 அளவுக்கு ஏற்றிவிட்டால் புள்ளிகளுக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

கறுப்புப் புள்ளி முரட்டுத்தனமாகத் தெரிந்தால் நிறம் மாற்றலாம். `Color to Alpha` கொண்டு வெள்ளையை நீக்கிவிட்டு, லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டி, அடர் நீலத்தையோ செம்பழுப்பையோ ஊற்றுங்கள். என் படத்தில் கூரை நிழலுக்கு நீலப் புள்ளி போட்டதும் வெயிலின் சூடு கூடித் தெரிந்தது. லேயரை `Multiply` மோடில், வண்ணத்துக்கு மேலே, கறுப்புக்கும் கோட்டுக்கும் கீழே வையுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கோட்டின் மேல் புள்ளி ஃபில்டர் பட்டால் கோடு கடித்துத் துப்பினதுபோல ஆகும். அந்தக் காலத்தில் கோட்டுக்கு லைன் பிளாக், புகைப்படத்துக்கு ஆஃப்டோன் பிளாக் என்று தனித்தனியாகச் செய்ததும் இதற்காகத்தான்.

அப்புறம் மாஸ்க். புள்ளி எல்லா இடத்திலும் இருக்க வேண்டியதில்லை. லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, கண், மூக்கு, உதடு சுற்றிக் கறுப்புத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். முகத்தில் ஒரு புள்ளி தப்பி விழுந்தால் மச்சம் மாதிரி இருக்கும். கழுத்து நிழலிலும் கன்னத்தின் இருண்ட ஓரத்திலும் மட்டும் விடுங்கள். சக்கரத்துக்குள்ளும் வேண்டாம், கம்பியும் புள்ளியும் ஒன்றோடொன்று சண்டை போடும். புள்ளி நன்றாக இருக்கும் இடங்கள் சுவர், கூரையின் அடிப்பக்கம், தரையில் விழும் நிழல், வானம்.

நான்கு நிறமும் புள்ளியாகவே பிரிய வேண்டும் என்றால் `Newsprint` வண்ண மாதிரியை `CMYK` ஆக்கி, சியான் 15, மஜெந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 என்று கோணம் கொடுக்க வேண்டும். அடர்ந்த மூன்று நிறமும் 30 பாகை இடைவெளியில் நிற்பதால் அலை வடிவம் எழாது. மஞ்சள் கண்ணுக்கு மங்கல் என்பதால் 15 பாகை போதும். ஆனால் உங்கள் படத்துக்கு ஒற்றை நிறப் புள்ளிதான் தெளிவு என்று நினைக்கிறேன்.

புள்ளி போட்டதும் பலர் பயந்துபோவது அந்த அலை வடிவத்தைப் பார்த்துத்தான். சுவரில் பட்டுப் புடவை மடிப்பு மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். உடனே எதையும் மாற்றாதீர்கள். திரையில் படம் 33 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையில் 1 அழுத்தி 100 சதவீதத்தில் பார்த்து அங்கே அலை இல்லை என்றால், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. சுருக்கிக் காட்டும்போது புள்ளி வரிசையும் திரையின் பிக்சல் வரிசையும் ஒத்துப்போகாததால் வந்த தோற்றம் அது. புள்ளி போட்ட படத்தை உண்மையிலேயே சுருக்கினால் இதே அலை கோப்பிலேயே பதிந்துவிடும், அப்புறம் எடுக்க முடியாது. அளவை முதலிலேயே முடிக்கச் சொன்னது இதனால்தான். இணையத்தில் போட 1080 பிக்சல் அகலப் படம் வேண்டுமானால், மற்ற மூன்று லேயரையும் சுருக்கிவிட்டு, சாம்பல் பிரதிக்கு `Period` 8 வைத்துப் புள்ளியை மட்டும் புதிதாகப் போடுங்கள். ஏ4 படத்தையே சுருக்கினால் 12 பிக்சல் இடைவெளி நாலுக்கும் கீழே வந்து நசுங்கிவிடும். கிம்ப் 3 வைத்திருந்தால் ஃபில்டர் லேயரோடு ஒட்டியே இருக்கும், திறந்து எண்ணை மட்டும் மாற்றலாம். 2.10 என்றால், `Newsprint` போடும் முன் அந்தச் சாம்பல் லேயரின் பிரதி ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அச்சின் மணம் வேண்டுமானால் வண்ண லேயரை மட்டும் 3 பிக்சல் வலப்பக்கம் நகர்த்துங்கள். தகடு சரியாகப் பொருந்தாமல் வந்த பக்கம் போல இருக்கும். அடியில் வெள்ளைக்குப் பதில் லேசான மஞ்சள் தாள் நிறம் போட்டு, மற்றதை `Multiply` ஆக்கினாலும் நன்றாக இருக்கும். இரண்டையும் கொஞ்சமாக.

கடைசியாக `PNG` ஆக ஏற்றுமதி செய்யுங்கள். `JPEG` ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அழுக்கு வளையம் சேர்க்கும். அச்சுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என் முதல் பிரதியைத் தாளுக்குப் பொருந்தட்டும் என்று அச்சுக் கடையில் 96 சதவீதமாக்கி எடுத்தார்கள், நீலச் சுவர் முழுக்க அலை ஓடியது. இரண்டாவது முறை ஓரத்தில் 5 மில்லிமீட்டர் வெள்ளை விட்டு நானே படத்தை அமைத்துக் கொண்டுபோனேன், புள்ளி ஒவ்வொன்றும் வட்டமாக விழுந்தது.